ஒன்பது இரவு, பத்து நாள்: பேருந்து யாத்திரை அறிவிப்பைப் படித்தறியும் முறை

சித்திரை பிறந்துவிட்டால் இமயத்துத் தலங்களுக்கான யாத்திரை அறிவிப்புகள் நாளிதழ்களிலும் கைப்பேசிகளிலும் வரிசையாக வரத் தொடங்கிவிடும். ஒவ்வோர் அறிவிப்பிலும் ஒருவரித் தலைப்பும் அதன் கீழே நான்கைந்து வரி விவரமும் இருக்கும். பல்லாண்டுச் சேமிப்பிலிருந்து கணிசமான தொகையை எடுத்து, வயது முதிர்ந்த பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்ல எண்ணும் குடும்பங்கள், பெரும்பாலும் இந்த ஐந்தாறு வரிகளை மட்டுமே படித்துவிட்டு முன்பணம் செலுத்துகின்றன. அவ்வரிகளில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பொருளும் ஒரு செலவும் உண்டு. அவற்றைப் பிரித்துப் படிக்கும் முறையை, உத்தராகண்டின் நான்கு தலங்களுக்கான பல நாள் பேருந்துப் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் மாதிரித் தலைப்பு இது: "சார்தாம் யாத்திரை – 9 இரவு 10 நாள் – ஹரித்வாரிலிருந்து டீலக்ஸ் கோச்". அதன் கீழுள்ள விவரம்: "நான்கு தாமங்களின் தரிசனம், சைவ உணவு, தங்குமிடம், புஷ்பேக் இருக்கை. ஒருவருக்கு ரூ.24,000 முதல்." இந்தத் தொகை கணக்கிடுவதற்காக நாம் கொண்டதே.

தலைப்பில் உள்ள மூன்று செய்திகள்

முதற்சொல் தலத்தைக் குறிக்கிறது. 'சார்தாம்' என்னும் பெயர் இருவேறு யாத்திரைகளுக்கு வழங்குகிறது. பாரதத்தின் நான்கு திசைகளிலும் அமைந்த பத்ரிநாத், பூரி, இராமேசுவரம், துவாரகை ஆகியவை பெருஞ்சார்தாம். உத்தராகண்ட் மாநிலத்துக்குள்ளேயே அமைந்த யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் ஆகியவை சிறிய சார்தாம். பேருந்து அறிவிப்புகளில் பெரும்பாலும் இரண்டாவதே குறிக்கப்பெறும். 'தோ தாம்' என்று இருந்தால் கேதார்நாத், பத்ரிநாத் ஆகிய இரண்டு மட்டுமே என்று கொள்ள வேண்டும்.

கடைசிச் செய்தி புறப்படும் இடம். 'ஹரித்வாரிலிருந்து' என்றால் நம் ஊரிலிருந்து ஹரித்வார் சென்று திரும்பும் இரயில் அல்லது விமானச் செலவும், முதல் நாள் காலையிலேயே புறப்பட வேண்டியிருப்பதால் அதற்கு முந்தைய இரவைக் கழிக்கும் அறை வாடகையும் நம்முடையவை. சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ செல்பவருக்கு இப்பயணம் பத்து நாளில் முடியாது. பதினான்கு, பதினைந்து நாள்கள் விடுப்பு வேண்டியிருக்கும்.

நடுவே உள்ள 'இரவு' என்னும் எண்ணே எல்லாவற்றிலும் முக்கியமானது. நாள் எண்ணிக்கை ஏமாற்றக்கூடியது. ஏனெனில் மாலையில் வந்துசேரும் நாளும் காலையில் விடைபெறும் நாளும் முழு நாள்களாகவே எண்ணப்படுகின்றன. இரவு எண்ணிக்கைக்கோ ஓர் ஊரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். ஆகவே, எந்த அறிவிப்பைக் கண்டாலும் முதலில் இரவுகளை ஊர்களுக்குப் பகிர்ந்து எழுதிப் பார்க்க வேண்டும்.

இரவுகளைப் பகிர்ந்து பார்த்தல்

மரபுப்படி இந்த யாத்திரை மேற்கிலிருந்து கிழக்காக நடைபெறும். யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் என்பது வரிசை. ஒன்பது இரவுகள் அதில் பின்வருமாறு அமைகின்றன.

முதல் நாள் ஹரித்வாரிலிருந்து பர்கோட் வரை ஏறத்தாழ 220 கிலோமீட்டர் மலைப்பயணம். இரண்டாம் நாள் அங்கிருந்து ஜானகி சட்டி சென்று, யமுனோத்ரி தரிசனம் முடித்துப் பர்கோட்டுக்கே திரும்புதல். மூன்றாம் நாள் உத்தரகாசி. நான்காம் நாள் உத்தரகாசியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்று கங்கோத்ரி தரிசனம், அன்றே திரும்புதல். ஐந்தாம் நாள் முழுவதும் குப்தகாசிக்கான பயணம். ஆறாம் நாள் கேதார்நாத் ஏறி மேலேயே தங்குதல். ஏழாம் நாள் இறங்கிக் குப்தகாசி. எட்டாம் நாள் பத்ரிநாத். ஒன்பதாம் நாள் பத்ரிநாத்திலிருந்து ருத்ரப்பிரயாகை. பத்தாம் நாள் ரிஷிகேஷ் வழியாக ஹரித்வார்.

பர்கோட்டில் இரண்டு, உத்தரகாசியில் இரண்டு, குப்தகாசியில் முன்னும் பின்னுமாக இரண்டு, கேதார்நாத், பத்ரிநாத், ருத்ரப்பிரயாகை ஆகியவற்றில் ஒவ்வொன்று என ஒன்பது இரவுகளும் சரியாக முடிகின்றன. இதில் ஓய்வுக்கென்று ஒரு நாள்கூட இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒன்பது இரவு என்பது தாராளமான கணக்கன்று. போதுமான கணக்கு, அவ்வளவே.

இப்போது 'ஏழு இரவு எட்டு நாள்' என்று வேறோர் அறிவிப்பு வருவதாகக் கொள்வோம். கட்டணமும் சற்றுக் குறைவாக இருக்கும். குறைந்த அந்த இரண்டு இரவுகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் அவற்றை எடுக்க முடியும். ஒன்று, ருத்ரப்பிரயாகையில் தங்கும் இரவு. அதை நீக்கினால் பத்ரிநாத்திலிருந்து ஹரித்வார் வரை ஏறத்தாழ 320 கிலோமீட்டரை ஒரே நாளில் கடக்க வேண்டும். மலைச்சாலையில் மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் வேகமே இயல்பு. ஆகவே, அது பதினொன்று முதல் பதின்மூன்று மணிநேரப் பயணம். களைப்பு மிகுந்ததாயினும் இயலக்கூடியதே.

மற்றொன்று கேதார்நாத்தில் தங்கும் இரவு. இதை நீக்குவதுதான் ஆபத்து. குப்தகாசியிலிருந்து சோன்பிரயாகை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பேருந்து அங்கேயே நின்றுவிடும். அங்கிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கௌரிகுண்டத்துக்கு உள்ளூர் ஜீப்பில், வரிசையில் நின்று, செல்ல வேண்டும். அதன்பின் கோயில் வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் ஏற்றம். நடந்து செல்பவருக்கு ஏழு முதல் பத்து மணிநேரம் ஆகும். மேலே தரிசன வரிசை. பின்னர் அதே 16 கிலோமீட்டர் இறக்கம். ஹெலிகாப்டரில் செல்பவரைத் தவிர மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இதை ஒரே பகலில் முடிப்பது மிகக் கடினமான செயல். இரவு எண்ணிக்கையைக் குறைத்த அறிவிப்பில் கேதார்நாத் இரவு இல்லையென்றால், குழுவில் பாதிப் பேர் கௌரிகுண்டத்திலேயே காத்திருக்க நேரிடும் என்றே பொருள்.

உயரத்தின் கணக்கும் இதனுடன் சேர்ந்தது. குப்தகாசி ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. கேதார்நாத்தோ ஏறத்தாழ 3,580 மீட்டர். ஒரே பகலில் இவ்வளவு உயரம் ஏறுவோரின் உடல் குறைந்த காற்றழுத்தத்துக்குப் பழக நேரம் கிடைப்பதில்லை. தலைவலி, குமட்டல், நடக்காமல் இருக்கும்போதும் மூச்சிரைப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். இவை கூடினால் மேலே செல்லாமல் கீழே இறங்குவதே முதல் மருந்து. இதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் முன்பணம் செலுத்துமுன் தம் மருத்துவரிடம் இந்த இரு உயரங்களையும் சொல்லிக் கேட்பது நன்று.

விவரத்தில் உள்ள வினைச்சொற்கள்

தலைப்பைப் படித்தாயிற்று, இனி விவரத்துக்கு வருவோம். 'நான்கு தாமங்களின் தரிசனம்' என்னும் தொடர், பேருந்து நான்கு கோயில் வாயில்களிலும் நிற்கும் என்ற எண்ணத்தை உண்டாக்குகிறது. உண்மையில் கங்கோத்ரிக்கும் பத்ரிநாத்துக்கும் மட்டுமே சாலை கோயிலின் அருகே வரை செல்கிறது. யமுனோத்ரிக்கு ஜானகி சட்டியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் செங்குத்தான நடைபாதை உண்டு. கேதார்நாத்தின் நிலையை மேலே கண்டோம். இந்த இரு இடங்களிலும் மட்டக்குதிரை, டோலி, முதுகில் கூடை கட்டிச் சுமக்கும் கண்டி ஆகியவை கிடைக்கும். ஆனால் அவற்றின் கட்டணம் பயணக் கட்டணத்தில் அநேகமாக ஒருபோதும் சேர்வதில்லை. நடக்க இயலாத ஒருவருக்கு இந்த இரு தலங்களின் டோலிச் செலவே பேருந்துக் கட்டணத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு வரலாம்.

விவரம் எப்போது எழுதப்பட்டது என்பதை அறிய எளிய அடையாளம் ஒன்றுண்டு. 2013 ஜூன் மாத வெள்ளத்துக்கு முன் கௌரிகுண்டத்திலிருந்து ராம்பாடா வழியாகக் கேதார்நாத்துக்கு 14 கிலோமீட்டர் என்றே எழுதி வந்தனர். வெள்ளத்தில் ராம்பாடா அழிந்து, பாதையின் ஒரு பகுதி எதிர்க்கரைக்கு மாற்றி அமைக்கப்பட்டபின் தொலைவு கூடிவிட்டது. இன்றும் '14 கிலோமீட்டர்' என்று அச்சிட்டிருந்தால் அந்த விவரம் பழைய ஏட்டிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது என அறியலாம். மற்ற வரிகளையும் அதே ஐயத்துடன் படிக்க வேண்டும்.

'தரிசனம்', 'வழியில் காணுதல்' என்னும் இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு தமிழ் யாத்திரிகர்களுக்குத் தனிப்பட்ட முறையில் முக்கியமானது. பத்ரிநாத் நம் மரபில் வதரியாசிரமம் என்னும் திவ்வியதேசம். கேதார்நாத் சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற திருக்கேதாரம். இவை அறிவிப்பில் இருப்பவை. இதே பாதையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கூடும் தேவப்பிரயாகையில் உள்ள ரகுநாதர் கோயில், பெரியாழ்வார் பாடிய கண்டம் என்னும் கடிநகர். பத்ரிநாத்துக்குமுன் வரும் ஜோஷிமட், திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிருதி என்று கொள்ளப்படுவது. வடநாட்டு யாத்திரிகர்களுக்காக அமைந்த பயணத்தில் தேவப்பிரயாகை என்பது சாலையோரம் பேருந்தை நிறுத்திச் சங்கமத்தைப் பார்க்கும் பத்து நிமிடம் மட்டுமே. கோயிலுக்குச் செல்ல நடைபாலத்தைக் கடந்து படிகள் ஏற வேண்டும். குழுவாகச் சென்றால் ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகும். 'தேவப்பிரயாகை காணுதல்' என்று மட்டும் இருந்தால் 'இறங்கித் தரிசிக்க நேரம் தரப்படுமா?' என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். இவ்வளவு தொலைவு சென்று ஒரு திவ்வியதேசத்தைச் சாளரத்தின் வழியே பார்த்துத் திரும்புவது பின்னர் ஆறாத மனக்குறையாகிவிடும்.

'டீலக்ஸ் கோச்' என்பதற்கும் வரையறுத்த பொருள் இல்லை. வாகனத்தின் இருக்கை எண்ணிக்கை, வரிசைக்கு எத்தனை இருக்கை, மலைமேல் குளிர்சாதனம் இயங்குமா ஆகிய மூன்றையும் கேட்க வேண்டும். 'குளிர்சாதனம் மலைப்பகுதியில் இயங்காது' என்னும் வரி நிபந்தனைகளின் இறுதியில் இருப்பது வழக்கம். யாத்திரைப் பாதையில் ஓடும் வணிக வாகனங்களுக்கு உத்தராகண்ட் போக்குவரத்துத் துறை வழங்கும் 'கிரீன் கார்டு' தேவை. அது பெற்ற வாகனம்தானா என்று கேட்பது நம் உரிமை. இவ்வாறே 'தங்குமிடம்' என்பது எத்தனை பேருக்கு ஓர் அறை என்பதைச் சொல்வதில்லை. குறைந்த கட்டணம் பெரும்பாலும் மூவர் அல்லது நால்வருக்கு ஓர் அறை என்னும் அடிப்படையிலானது. 'முதல்' என்ற சிறு சொல் குறிப்பது அதைத்தான். கேதார்நாத்தில் எந்தக் கட்டணத்துக்கும் பொதுக்கூடமோ கூடாரமோதான் கிடைக்கக்கூடும்.

தொகையும் நிபந்தனையும்

இப்போது நம் மாதிரி அறிவிப்பின் கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்கு ரூ.24,000. இதன்மேல் சுற்றுலா ஏற்பாட்டுச் சேவைக்கான சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு, அதாவது ரூ.1,200. ஆக ஒருவருக்கு ரூ.25,200; தம்பதியருக்கு ரூ.50,400. வரி சேர்ந்ததா, சேராததா என்பதை விவரத்தில் காணாவிட்டால் சேராதது என்றே கொள்ள வேண்டும்.

இந்தத் தம்பதியர் முன்பணமாக ரூ.20,000 செலுத்துகின்றனர் என்க. புறப்படுவதற்குப் பத்து நாள்களுக்கு முன் ஒருவருக்கு உடல்நலம் குன்றிப் பயணத்தைக் கைவிட நேர்கிறது. நிபந்தனையில் 'செலுத்திய முன்பணத்தில் 50 விழுக்காடு பிடித்தம்' என்று இருந்தால் இழப்பு ரூ.10,000, மீதி ரூ.10,000 திரும்ப வரும். 'மொத்தக் கட்டணத்தில் 50 விழுக்காடு பிடித்தம்' என்று இருந்தால் பிடித்தம் ரூ.25,200. முன்பணம் முழுவதும் போனபின்னும் ரூ.5,200 பாக்கி என்று ஏற்பாட்டாளர் கோரலாம். ஒரு சொல் மாறினால் விளைவு இவ்வளவு மாறுகிறது. ஆகவே, பிடித்தம் எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்பதை முன்பணம் செலுத்துமுன் எழுத்தில் பெறுவது அவசியம்.

இரண்டாவது நிபந்தனை நிலச்சரிவைப் பற்றியது. ஜூலை, ஆகஸ்டு மழை மாதங்களில் இப்பாதைகள் அடைபடுவது அரிதன்று. பேருந்து ஓரிடத்தில் இரண்டு நாள் நிற்க நேர்ந்தால் அந்த அறை வாடகையும் உணவும் யாருடையவை? 'இயற்கை இடர்களால் ஏற்படும் கூடுதல் செலவு பயணியைச் சார்ந்தது' என்பதே பெரும்பாலான ஒப்பந்தங்களின் நிலை. அது நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதை அறிந்து, மூன்று நாள் செலவுக்கான தொகையைத் தனியே வைத்திருப்பதும், திரும்பும் இரயிலை யாத்திரை முடியும் நாளிலேயே முன்பதிவு செய்யாமல் ஒரு நாள் தள்ளிச் செய்வதும் நம் கையில் உள்ளன.

பதிவும் பணமும்

நான்கு தலங்களுக்கும் செல்வோர் உத்தராகண்ட் அரசின் registrationandtouristcare.uk.gov.in தளத்தில் ஒவ்வொருவரும் பெயர்ப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில் குறிக்கும் தரிசன நாள்கள், நாம் மேலே எழுதிய இரவுப் பட்டியலோடு பொருந்த வேண்டும். 'பதிவு எங்களால் செய்யப்படும்' என்று விவரம் கூறினால், புறப்படுமுன் பதிவுச் சீட்டின் படியைக் கேட்டு வாங்கி நாள்களைச் சரிபார்க்க வேண்டும். பதிவு நாள் பொருந்தாமல் சோதனைச் சாவடியில் பேருந்து நிறுத்தப்பட்டால் மொத்தக் குழுவும் காத்திருக்கும்.

கேதார்நாத் ஹெலிகாப்டர் இருக்கைகள் heliyatra.irctc.co.in தளத்தில் விற்கப்படுகின்றன. இதைப் போன்ற தோற்றத்தில் போலித் தளங்கள் அமைத்துப் பணம் பறிக்கும் மோசடிகள் யாத்திரைக் காலத்தில் நடைபெற்று வருகின்றன. 'ஹெலிகாப்டர் உறுதி' என்று ஓர் அறிவிப்பு சொன்னால், எந்த நாளுக்கு, யார் பெயரில் சீட்டு உள்ளது என்பதைக் காணாமல் அதற்கெனத் தனித்தொகை செலுத்தலாகாது.

முன்பணத்தை நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே செலுத்த வேண்டும். யுபிஐ வழியே அனுப்பும்போது திரையில் தோன்றும் பெறுநர் பெயர் ஒரு தனிநபருடையதாக இருந்தால் அங்கேயே நிறுத்திக் காரணம் கேட்க வேண்டும். பயணம் கைவிடப்பட்டபின் 'பணம் திருப்பித் தருகிறோம், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணை இடுங்கள்' என்று எவரேனும் அழைத்தால் அது மோசடியே. பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. பணம் பறிபோனதாக அறிந்தவுடன் 1930 என்னும் எண்ணை அழைத்து, வங்கிக் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும்.

நல்ல அறிவிப்பு எப்படி இருக்கும்?

கோயில் வழிபாட்டுக் குழுக்களும் குடியிருப்போர் சங்கங்களும் தாமே இத்தகைய பயணங்களை ஏற்பாடு செய்கின்றன. அவர்களுக்கும் பயன்படும்படி, நம் மாதிரி அறிவிப்பையே இதுவரை கண்டவற்றைக் கொண்டு திருத்தி எழுதிப் பார்ப்போம்.

தலைப்பு: "உத்தராகண்ட் நான்கு தலங்கள் – 9 இரவு – ஹரித்வாரில் தொடங்கி ஹரித்வாரில் முடியும் – 27 இருக்கைப் பேருந்து".

விவரம்: "பர்கோட் 2, உத்தரகாசி 2, குப்தகாசி 1+1, கேதார்நாத் 1, பத்ரிநாத் 1, ருத்ரப்பிரயாகை 1 இரவு. மூவருக்கு ஓர் அறை, கேதார்நாத்தில் பொதுக்கூடம். பேருந்து ஜானகி சட்டி, கங்கோத்ரி, சோன்பிரயாகை, பத்ரிநாத் வரை. தேவப்பிரயாகையிலும் ஜோஷிமட்டிலும் இறங்கித் தரிசனம். ஒருவருக்கு வரி உட்பட ரூ.25,200. ஜீப், குதிரை, டோலி, ஹெலிகாப்டர், சிறப்புப் பூசை, பாதை அடைபட்டால் கூடுதல் தங்கல் ஆகியவை சேரா. பத்து நாள்களுக்குள் கைவிட்டால் முன்பணத்தில் பாதி பிடித்தம்."

இது முதல் அறிவிப்பைவிடக் கவர்ச்சி குறைந்ததே. ஆயினும் இதைப் படிக்கும் எழுபது வயது முதியவர், தம்மால் எந்த இடம் வரை செல்ல முடியும், எங்கே டோலிக்குப் பணம் வைத்துக்கொள்ள வேண்டும், எத்தனை இரவுக்கு மருந்து எடுத்துச் செல்ல வேண்டும் என்பவற்றை வீட்டிலிருந்தபடியே முடிவு செய்துகொள்ளலாம். நம் கைக்கு வரும் அறிவிப்பு இவற்றைச் சொல்லவில்லையெனில், சொல்லாத வரிகளை நாமே கேட்டு எழுத்தில் பெற்று, அதன்பின் முன்பணத்தை அனுப்புவோம்.